கை உருண்டையாக இருப்பது என் குற்றமா?

உப்புவெளியில் கைகளுக்கு இரண்டு பருவம் உண்டு. சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் குளம்போலக் கிடக்கும். அப்போது நிலாவெளி வீதியால் வருபவை வெள்ளைக்காரக் கைகள். வெயிலில் சிவந்து, தோல் உரிந்து, பச்சை குத்த எங்கே இடம் மிச்சம் இருக்கிறது என்று தங்களைத் தாங்களே தேடிக்கொண்டு வரும். முகூர்த்த மாதங்களில் வருபவை ஊர்க் கைகள். மருதோண்டி போடுவதற்கு முன், "ஒருக்காப் படத்தில போட்டுக் காட்டுங்கோ" என்று என் மேசையில் நீளும். நான் படக்கடைக்காரன். அடையாள அட்டைக்கு முகம், கடவுச்சீட்டுக்கு முகம், முப்பத்தோராம் நாள் அஞ்சலிக்கு முகம் என்று முகங்களை நம்பி இருந்த கடைக்கு இப்போது கைதான் சோறு போடுகிறது.

வேலை சுலபமானது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கையைப் படம் எடு, போனில் இருக்கும் கோலத்தைத் தூக்கி அதன்மேல் வை, முடிந்தது. அப்படி வைத்தால் கையில் சுவரொட்டி ஒட்டியதுபோல் இருக்கும். கோலத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைத் தாளும் சேர்ந்து வந்து உட்கார்ந்துவிடும். அதற்கு மருந்து, படம் திருத்தும் மென்பொருள்களில் இருக்கும் `Multiply` என்ற கலப்பு முறை. மேலே உள்ள நிறத்தையும் கீழே உள்ள நிறத்தையும் அது பெருக்கும். வெள்ளையை ஒன்று என்றும் கறுப்பைப் பூச்சியம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றால் பெருக்கினால் தோல் தோலாகவே இருக்கும், வெள்ளைத் தாள் காணாமல் போகும். பூச்சியத்தால் பெருக்கினால் கறுப்பு. நடுவில் உள்ள செம்மண் நிறம் தோலின் நிறத்தை உள்ளே விட்டுக்கொண்டு கறையாகப் படியும். ரோமமும் நரம்பும் மச்சமும் அதனூடாகத் தெரியும். இந்த இடத்தில் வாடிக்கையாளர் "ஐயோ, உண்மையாப் போட்ட மாதிரி!" என்பார். என் கஷ்டகாலம் அங்கேதான் தொடங்கும்.

போன ஆவணியில் ஒரு பிள்ளை தாயோடு வந்தாள். கலியாணத்துக்கு இன்னும் சில நாள்தான். போனில் ஒரு கோலம் வைத்திருந்தாள்: நடுவில் தாமரை, இரண்டு பக்கமும் தோகை விரித்த மயில்கள், மொத்தம் 9 சென்றிமீற்றர் அகலம். முன்கையின் வெளிப்பக்கத்தில் அது அப்படியே வரவேண்டும் என்றாள். தாய் இன்னும் ஒரு படி மேலே போனார். "தம்பி, பெரிசாப் போடுங்கோ. மண்டபத்தில கடைசிக் கதிரைக்கும் மயில் தெரியோணும்."

முதலில் அளவு. படத்தில் கை எவ்வளவு பெரிது என்று கணினிக்குத் தெரியாது. அதனால் கைக்குப் பக்கத்தில், கையின் அதே உயரத்தில், ஓர் அட்டையை வைத்து எடுக்க வேண்டும். வங்கி அட்டையின் நீளம் உலகம் முழுக்க 8.56 சென்றிமீற்றர். படத்தில் அது 856 புள்ளிகளாக வந்தால் 100 புள்ளி ஒரு சென்றிமீற்றர். தாய் உடனே வங்கி அட்டையை எடுத்து வைத்தார், இலக்கம் மேலே தெரிய. திருப்பி வைக்கச் சொன்னால் பின்பக்கத்து மூன்று இரகசிய எண்கள் தெரிந்தன. கடைசியில் சுப்பர்மார்க்கெட் புள்ளி அட்டையை வைத்தோம். அதுவும் அதே நீளம், களவெடுத்தால் கிடைப்பது ஒரு சவர்க்காரம்.

போனைக் கைக்கு அருகில் கொண்டுபோகவும் விடமாட்டேன். ஒரு சாண் தூரத்தில் எடுத்தால் கிட்டே இருப்பது வீங்கும், தள்ளி இருப்பது மெலியும். மணிக்கட்டு உலக்கையாகவும் முழங்கை ஈர்க்காகவும் வரும். ஒரு மீற்றர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு பெருக்கி எடுத்தால்தான் கை கையாக இருக்கும்.

பிறகு வந்தது வில்லங்கம். பிள்ளையின் முன்கையை நூலால் சுற்றி அளந்தேன். 18 சென்றிமீற்றர். ஏறக்குறைய உருளை. அதன் விட்டம் 5.7 சென்றிமீற்றர். அதாவது, நேரே எடுத்த படத்தில் கையின் அகலம் 5.7தான். ஆனால் அந்தப் பக்கத்தில் இருக்கும் தோலின் அகலம் சுற்றளவில் பாதி, 9 சென்றிமீற்றர். 9 சென்றிமீற்றர்க் கோலத்தை 5.7க்குள் தட்டையாகச் சுருக்கி வைத்தால் திரையில் எல்லாம் அழகாகத் தெரியும். தாமரை கொஞ்சம் ஒடுங்கும், மயில்களும் அதே அளவு ஒடுங்கும். ஆனால் கையில் மருதோண்டி போடும் அக்கா சுருக்கிப் போடமாட்டார். தோலைச் சுற்றித்தான் போடுவார்.

அப்போது என்ன நடக்கும்? கோலத்தை மூன்று மூன்று சென்றிமீற்றராகப் பிரியுங்கள். நடுவில் உள்ள தாமரையின் 3 சென்றிமீற்றர் கண்ணுக்கு நேரே இருப்பதால் 2.9 ஆகத் தெரியும். அதற்குச் சேதமில்லை. ஓரத்து மயிலுக்கும் தோலில் 3 சென்றிமீற்றர்தான் இடம், ஆனால் கை வளைந்து பின்னால் போவதால் முன்னால் நிற்பவருக்குத் தெரிவது 1.4 மட்டும். அதிலும் தோகைப் பக்கம் மிக மோசமாக நசுங்கும். தோகை நசுங்கிய மயில் என்பது வேறொன்றுமில்லை, நாட்டுக்கோழி. மென்பொருளில் கோலத்தை உருளைக்கு ஏற்றபடி, நடுவை விட்டு ஓரங்களை மட்டும் நெரித்து வளைத்துக் காட்டினேன். தாய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முதல் வடிவா இருந்ததை நீங்கதானே கெடுத்தது?" என்றார்.

கை உருண்டையாக இருப்பதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

உருண்டையாக இருப்பதோடு கை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அது முறுகவும் செய்யும். இதை எனக்குப் படிப்பித்தவன் ஒரு மோட்டார்சைக்கிள் பொடியன். முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை, உட்பக்கத்தில், ஒரே வரியில் 'அன்னையே தெய்வம்' என்று பச்சை குத்தப்போவதாகச் சொன்னான். உள்ளங்கையை மேலே காட்டி எடுத்த படத்தில் எழுத்து நூல் பிடித்ததுபோல் நின்றது. பிறகு கையை மோட்டார்சைக்கிள் பிடிப்பதுபோலக் கவிழ்க்கச் சொன்னேன். மணிக்கட்டுப் பக்கத்துத் தோல் ஏறக்குறைய அரைவட்டம் சுற்றும், முழங்கைப் பக்கத்துத் தோல் அசையாமலே கிடக்கும். நேர்கோடு கொடியாகச் சுற்றிவிடும். பேனாவால் ஒரு கோடு போட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தால் நீங்களே காணலாம். அவனுக்கு அன்னை ஒரு பக்கம் நின்றார், தெய்வம் மறுபக்கம் போய்விட்டது. அதனால்தான் பச்சை குத்துபவர்கள் கையை மேசையில் மல்லாக்காமல், நிற்கும்போது இயல்பாகத் தொங்கவிட்டு அச்சை ஒட்டுகிறார்கள். முன்னோட்டப் படமும் அந்த நிலையில் ஒன்று, கவிழ்த்து ஒன்று, மல்லாத்தி ஒன்று என்று வேண்டும்.

அவன் முதலில் கொண்டுவந்த படமே வேறு கை. முன்கமராவால் எடுத்ததில் இடது கை வலது கையாக மாறியிருந்தது. கோலத்தைப் பிறகு வைப்பதால் எழுத்து நேராகவே இருக்கும், ஏமாறுவது சுலபம். பிடிக்க நல்ல வழி, படத்தில் இருக்கும் சட்டை எழுத்தைப் படிப்பது. அவனுடைய சட்டையில் இருந்த கிரிக்கெட் அணியின் பெயர் பின்னாலிருந்து முன்னால் ஓடியது.

வெள்ளைக்காரக் கைகளுக்கு நான் இன்னொரு கேள்வியும் கேட்பேன்: இந்தக் கை எந்த விமான நிலையத்தால் போகும்? 2014 ஏப்ரலில், புயத்தில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண் கட்டுநாயக்காவில் இறங்கியதும் பிடிக்கப்பட்டு, நாடு கடத்தப்பட்டார். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 800,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பணத்தை நம்பி யாரும் புத்தரைக் குத்தக்கூடாது. எந்த மென்பொருளும் கையின் பின்னணியில் குடிவரவு அதிகாரியை வைத்துக் காட்டாது.

மயில் பிள்ளையிடம் திரும்புவோம். அவளுக்கு அடுத்த பிரச்சினை நிறம். திரையில் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஒரே கருஞ்சிவப்பு. மருதோண்டி அப்படி ஒரே சீராகப் பிடிக்காது. இலையில் இருக்கும் சாயம் தோலின் மேற்படையில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. உள்ளங்கையில் அந்தப் படை தடிப்பு, கறையும் கருகும். முன்கையில் மெல்லிசு, அங்கே இளம் நிறம்தான். கழுவின உடனே செம்மஞ்சள், ஒன்றிரண்டு நாளில்தான் கறுத்துச் சிவக்கும். ஆகவே முன்னோட்டத்தில் முன்கைப் பகுதியின் அடர்த்தியைக் குறைத்து வைத்தேன். தாய்க்கு அது பிடிக்கவில்லை. "கறுப்பா வையுங்கோ தம்பி, அப்பத்தான் எடுப்பா இருக்கும். கறுப்பு கோனும் விக்கிறாங்கள்தானே."

பகிடி விடுவதை அங்கே நிறுத்தினேன். இலையிலிருந்து கறுப்பு வராது. ஒரு மணித்தியாலத்தில் கரிக்கறுப்பாகப் பிடிக்கும் கோனில் பெரும்பாலும் தலைமயிர்ச் சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற இரசாயனம் இருக்கும். ஐரோப்பாவில் அதைத் தலைமயிர்ச் சாயத்தில் அளவோடு விடுவார்கள், தோலில் பூச விடமாட்டார்கள். ஒத்துக்கொள்ளாதவருக்குச் சில நாளில் கோடு கோடாகக் கொப்புளம் எழும். தாமரை இருந்த இடத்தில் தாமரை, மயில் இருந்த இடத்தில் மயில், முன்னோட்டத்தில் பார்த்த அதே வடிவம், அச்சுப் பிசகாமல். தழும்பும் நிற்கலாம். அந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பிறகு போகாது, நரைத்த காலத்தில் தலைக்குச் சாயம் பூசினாலும் அது ஞாபகம் வைத்திருக்கும். திரையில் கறுப்பு அழகாக இருப்பதால்தான் கடையில் கறுப்பைக் கேட்கிறார்கள். அதனால் மருதோண்டிக்கு வரும் எந்தக் கையிலும் நான் கறுப்பை வைத்துக் காட்டுவதில்லை.

கடைசியில் கணினியை விட்டுவிட்டு, கோலத்தை உண்மை அளவில் மெல்லிய தாளில் அச்சடித்து, பிள்ளையின் கையைச் சுற்றி ஒட்டினேன். கதவடிக்குப் போய் நிற்கச் சொன்னேன். தாயை எட்டு அடி தள்ளிக் கதிரையில் இருத்தினேன். இதைவிட நல்ல முன்னோட்டம் எந்தப் போனிலும் இல்லை. தாய் கழுத்தை வலப்பக்கம் சாய்த்தார், இடப்பக்கம் சாய்த்தார். தாமரை தெரிந்தது. மயில் தெரியவில்லை. 'கையைத் திருப்பு' என்றார். ஒரு மயில் வந்தது, தாமரை போனது.

முன்னோட்டம் எதற்கு என்று என்னிடம் கேட்டால், எதைப் போடுவது என்று தெரிந்துகொள்ள அல்ல, எதை விடுவது என்று தெரிந்துகொள்ள என்பேன். திரையில் நன்றாக இருப்பது கையிலும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வளைத்து, முறுக்கி, நிறத்தைக் குறைத்துப் பார்த்தும் நன்றாக இல்லாதது கையில் நிச்சயம் நன்றாக இராது. பிள்ளைக்கு அது உடனே விளங்கியது. "மயில் வேண்டாம், தாமரையைக் கொஞ்சம் பெருப்பிச்சு நடுவில வையுங்கோ" என்றாள். 4 சென்றிமீற்றரில் தாமரை கம்பீரமாக உட்கார்ந்தது. மருதோண்டிக் கோனின் கோடும் அந்த அளவில் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும்.

தாய் மட்டும் சமாதானம் ஆகவில்லை. எழுந்து பணப்பையைத் திறந்தவர், பாதியில் நிறுத்தினார்.

"ரெண்டு மயிலையும் எடுத்துப்போட்டீங்கள் தம்பி. அப்ப மயிலுக்கு உள்ள காசைக் கழியுங்கோ."