எம், ஏ, டி, ஐ

2025 மார்ச் 21, ராத்திரி இரண்டரை மணி. தலைமாட்டில் கிடந்த செல்போன் 'டிங்' என்றது. அந்த நேரத்தில் கும்மிடிப்பூண்டியில் விழித்திருப்பவர்கள் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களும் தெருநாய்களும்தான். முப்பது வருஷம் ஃபிட்டராக இருந்த எனக்கு, அகால நேரத்தில் மணி அடித்தால் எங்கேயோ மிஷின் நின்றுவிட்டது என்றே இன்னும் தோன்றும். எழுந்து ஸ்பானரைத் தேடி, பிறகு கண்ணாடியைத் தேடிப் பார்த்தால், குவைத்திலிருந்து மகன். அங்கே அப்போது சரியாகப் பன்னிரண்டு மணி.

அன்னையர் தின வாழ்த்து. என் பிறந்தநாளுக்கு அவன் அனுப்புவது ஒரு கட்டைவிரல். இவளுக்குப் பதினான்கு வரி.

இவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அவனோ தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தான். ஆகவே வாசிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கம்பெனியில் சர்க்குலர் வந்தால் நாலு பேருக்குப் படித்துச் சொன்னவன் என்று இருபத்தெட்டு வருஷமாக இவளிடம் பெருமையடித்தவன் நான்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். அதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கிலீஷில் அ-வுக்கும் ஆ-வுக்கும் ஒரே ஏ. ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எல் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள் பிள்ளைகள். எது எது என்று படிக்கிறவன்தான் கண்டுபிடிக்க வேண்டும். 'நீ வச்ச மீன் கொழும்பு இங்க கிடைக்காது' என்று படித்தேன். "கொழும்புல மீன் கிடைக்காதா?" என்றாள் இவள். குழம்பு என்று திருத்திக்கொண்டேன். அடுத்த வரி எம், ஏ, டி, ஐ என்று தொடங்கும் ஒரு சொல். தயங்காமல் வாசித்தேன்: "உன் மாடியில தலை வச்சுத் தூங்கணும் போல இருக்கு."

"மாடியிலயா? அங்க தண்ணித் தொட்டிதானே இருக்கு?"

"பாவம், அங்க பத்துப் பேர் ஒரு ரூம்ல கிடக்கறாங்க. காத்துக்கு ஏங்கறான்" என்று விளக்கமும் கொடுத்தேன்.

விடிந்ததும் துடைப்பத்தைக் கையில் கொடுத்தாள். எங்கள் மொட்டை மாடியில் படியும் ஆலைக் கரி சாதாரணமாகப் போகாது. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்து, விரிசல் அடைத்து, வெயில் தாங்க வெள்ளை பெயின்ட் இரண்டு கோட் அடித்து, கொசுவலை கட்ட நான்கு மூலையிலும் கம்பி நட்டேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. பிள்ளை வருவதற்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

மே 11 வந்தது. எதிர்வீட்டம்மாவுக்கு அமெரிக்காவிலிருந்து பிள்ளை வாழ்த்து அனுப்பியிருந்தான். அதைத் தெருவே பார்த்தது. இவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நம்ம பையன் மறந்துட்டானாங்க?"

இங்கேதான் என் ஞானம் பயன்பட்டது. பேத்தி போனில் தேடிச் சொன்னதை நானே கண்டுபிடித்ததுபோல எடுத்துவிட்டேன். மே இரண்டாம் ஞாயிறு அமெரிக்கக் கணக்கு. அன்னா ஜார்விஸ் என்ற பெண்மணி தன் தாய்க்காக 1908-இல் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கிவைத்தது. 1914-இல் ஜனாதிபதி வில்சன் அதை நாட்டுக்கே அறிவித்தார். அரபு நாடுகளுக்கு மார்ச் 21, வசந்தத்தின் முதல் நாள். 1956-இல் எகிப்தில் பத்திரிகைக்காரர்கள் ஆரம்பித்தது. மகன் அங்கே கடைத்தெருவில் பூவும் பலகையும் பார்த்து, அந்த ஊர்க் கணக்கில் முந்திக்கொண்டான்.

"அந்த அன்னாம்மா நாளோட பேரை ஒருமையில்தான் எழுதணும்னு பிடிவாதம் பிடிச்சாங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க அம்மாவை மட்டும் நினைக்கணுமாம். நாமதான் 'அன்னையர்'னு பன்மை ஆக்கிட்டோம். கடையில் அச்சடித்த வாழ்த்தட்டை வாங்கி அனுப்பறது அவங்களுக்கு ஆகவே ஆகாது, கைப்பட எழுதணும்."

"நீங்க உங்க அம்மாவுக்கு எத்தனை லெட்டர் எழுதினீங்க?"

பொன்னேரியில்தான் இருந்தாள் என் அம்மா. கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன். எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. ஏறியதும் அவ்வளவாக இல்லை. பேச்சை மாற்ற மகனுக்கு வீடியோ போட்டேன்.

"தம்பி, அப்பா மாடியெல்லாம் சுத்தம் பண்ணி பெயின்ட் அடிச்சு வச்சிருக்காருடா. வந்து நல்லாத் தூங்கு" என்றாள்.

"எந்த மாடி?"

"நீதானே எழுதின, மாடியில தலை வச்சுத் தூங்கணும்னு!"

அவன் சிரித்த சிரிப்பில் ரூமில் இருந்த மற்றவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "ஐயோ அம்மா, மாடி இல்ல. மடி!"

இவள் சிரிக்கவில்லை. புடவை முந்தானையை இழுத்து மடியில் சரிசெய்துகொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் கம்பியைப் பிடுங்கிடாதீங்க, வடாம் காயவைக்கலாம்" என்றாள்.