சங்கம் வாஷிங் மெஷின் விற்குமா?

இந்தக் காலத்துப் பையன்களுக்குத் தொழிற்சங்கம் பிடிக்கவில்லையாம். கருத்தரங்குகளில் கவலைப்படுகிறார்கள். செல்போன் தலைமுறை, சுயநலம், உலகமயம் என்று காரணங்களை அடுக்கிவிட்டு, ஏசி அறையில் முந்திரி பக்கோடா சாப்பிடுகிறார்கள். அப்படியே ஸ்ரீபெரும்புதூர் வரை ஒரு நடை போயிருக்கலாம்.

அங்கே சாம்சங் ஆலையில் ஃபிரிட்ஜும் டிவியும் வாஷிங் மெஷினும் செய்பவர்கள் சுமார் 1,800 பேர். 2024-இல் அவர்களில் பெரும்பாலோர் சங்கம் வேண்டும் என்றார்கள். அநேகமாக எல்லோரும் இளைஞர்கள். சங்கம் பிடிக்காத அதே தலைமுறைதான். சிஐடியு துணையோடு 'சாம்சங் இந்தியா தொழிலாளர் சங்கம்' என்று பெயர் வைத்துப் பதிவுக்கு மனுக் கொடுத்தார்கள்.

2025 நவம்பர் வரை அமலில் இருந்த தொழிற்சங்கச் சட்டம் 1926-இல் வெள்ளைக்காரன் போட்டது. அதன்படி ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் மனுக் கொடுக்க முடிந்தது. 2001 திருத்தத்துக்குப் பிறகு, ஆலைத் தொழிலாளர்களில் பத்து சதவீதம் பேரோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை உறுப்பினர்கள் வேண்டியிருந்தது. முதலாளியிடம் சம்மதம் வாங்கி வா என்று அதில் எங்கேயும் இருக்கவில்லை. பெயரிலும் ஒன்றைத்தான் பார்க்கச் சொன்னது: ஏற்கெனவே இருக்கிற இன்னொரு சங்கத்தின் பெயரோடு குழம்பக் கூடாது. அவ்வளவுதான்.

நிர்வாகம் ஆட்சேபித்தது. 'சாம்சங்' எங்கள் வணிகச் சின்னம், சங்கம் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றது. யோசித்துப் பாருங்கள். ஃபிரிட்ஜ் வாங்க வந்த குடும்பத் தலைவி, பெயரைப் பார்த்து ஏமாந்து, கடன் அட்டையைத் தேய்த்து ஒரு தொழிற்சங்கத்தை வீட்டுக்குத் தூக்கிப் போய்விடுவாரோ? சிரித்துவிட்டு, சரி போங்கள் என்று பதிவு செய்திருக்க வேண்டிய மனு. தொழிலாளர் துறை சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்தக் கம்பெனியின் தாய்வீட்டுக் கதை இன்னும் ருசியானது. சங்கமே கூடாது என்பதைப் பல்லாண்டுகள் கொள்கையாக வைத்திருந்த குழுமம் அது. 2020 மே மாதம் அதன் வாரிசு லீ ஜே-யோங் கொரியாவில் மக்கள் முன் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். இனி அந்தக் கொள்கை கிடையாது என்றார். அந்த மன்னிப்புக்கு ஸ்ரீபெரும்புதூர் வர விசா கிடைக்கவில்லை போலிருக்கிறது.

2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. 37 நாள். மே தினத்துக்கு விடுமுறை தந்தது நாங்கள்தான் என்று மார்தட்டுகிற கட்சியின் ஆட்சி அப்போது. மூன்று அமைச்சர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். அக்டோபர் 7-இல் உடன்பாடு என்று அறிவிப்பும் வந்தது. யாரோடு உடன்பாடு? போராடிய சங்கத்தோடு அல்ல. நிர்வாகத்துக்குத் தோதான ஒரு 'தொழிலாளர் குழு'வோடு! சில மாதங்களுக்கு ஐயாயிரம் ரூபாய் ஊக்கத்தொகை, கூடுதலாக ஏசி பேருந்து. பையன்கள் கேட்டது பேச ஒரு வாய். கொடுத்தது குளிர்காற்று. பிறகு போலீஸ் வந்து போராட்டப் பந்தலைப் பிரித்தது. வெயிலில் நிற்பவனுக்கும் ஏசி பேருந்தின் அருமை தெரிய வேண்டாமா?

போராட்டம் அக்டோபர் நடுவில் முடிந்தது. சங்கமோ நீதிமன்றம் போய்க் கெடு வாங்கி, 2025 ஜனவரி 27-இல்தான் பதிவானது. ஏழு பேர் கையெழுத்தில் தொடங்க வேண்டிய வேலைக்கு ஏறத்தாழ ஏழு மாதம். மறுமாதமே நிர்வாகிகள் சிலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

இவ்வளவும் நிரந்தரத் தொழிலாளியின் கதை. மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் ஊரறிந்த கம்பெனிப் பெயரும் உள்ளவனுக்கே இந்தக் கதி. பக்கத்து ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி இருக்கிறான். அதே லைனில் அதே ஸ்க்ரூவை முடுக்குகிறான். சம்பளத்தில் பாதிகூடத் தேறாது. அவன் பெயர் கான்ட்ராக்டரின் மஸ்டர் ரோலில். சங்கம் என்று வாயைத் திறந்தால் யாரும் அவனை நீக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் பட்டியலில் அவன் பெயர் இருக்காது. அவ்வளவே. நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, வழக்கும் இல்லை. இந்த வசதிக்காகத்தான் நிரந்தரம் ஓய்வுபெறுகிற இடத்திலெல்லாம் ஒப்பந்தமும் பயிற்சியாளரும் வந்து உட்காருகிறார்கள். உறுப்பினர் எண்ணிக்கை குறையாமல் என்ன செய்யும்?

சங்கத் தலைவர்களும் சும்மா இல்லை. ஆளுக்கொரு கட்சி, கட்சிக்கொரு கொடி, பல ஆலை வாசல்களில் கொடிக்கம்பத்துக்கு இடம் போதவில்லை. ஒப்பந்தத் தொழிலாளியைச் சந்தா கட்ட மாட்டான் என்று பல சங்கங்கள் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

சங்கம் பதிவாகிவிட்டதே, பிறகு பேசலாம் அல்லவா என்று கேட்கிறீர்களா? அந்த 1926 சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். பதிவான சங்கத்தோடு முதலாளி உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும் என்று அதில் எந்த வரியும் இருக்கவில்லை. சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ள முடிந்தது. அதற்கும் நிர்வாகம் ஆணி தர வேண்டியிருந்தது.