ஜெயித்தது யார்?

கேள்வி: எங்கள் பக்திச் சேனலில் கந்த சஷ்டி கவசம் வீடியோவுக்கு ஒரு வாரம் வேல் படம், மறுவாரம் ராஜ அலங்கார முருகன் படம் என முகப்பை மாற்றிப் பார்த்தோம். முருகனுக்கே கிளிக் அதிகம். பக்தர்களுக்குப் பிடித்தது அதுதானே?

பதில்: அந்த மறுவாரத்தில் சஷ்டி வந்ததா? வந்திருந்தால் ஜெயித்தது படமல்ல, பஞ்சாங்கம்! சஷ்டி, கிருத்திகை நாட்களில் எந்த முகப்புக்கும் கூட்டம் கூடும். இரண்டு படங்களும் ஒரே நாட்களில், வந்தவர்களில் பாதிப் பேருக்கு இது, மீதிப் பேருக்கு அது என்று போக வேண்டும். யூடியூப் ஸ்டூடியோவில் அதற்கென்றே சோதனை வசதி இருக்கிறது. மூன்று படங்கள் வரை கொடுக்கலாம்; முடிவு வர இரண்டு வாரம் வரை ஆகலாம்.

அந்தச் சோதனை வெற்றியைத் தீர்மானிப்பது கிளிக்கை வைத்தல்ல, பார்த்த நேரத்தை வைத்து. 'இன்றே அற்புதம்' என்று சிவப்பில் எழுதிய முகப்பைத் தொட்டவர், காப்புச் செய்யுள் முடிவதற்குள் போய்விட்டால் அந்தப் படம் தோற்றதுதான். இரண்டும் சமம் என்றும் முடிவு வரலாம். படங்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருந்தால் பெரும்பாலும் அப்படித்தான். அடுத்த சோதனையில் எழுத்தின் நிறத்தை மட்டும் மாற்றாமல், ஒன்றில் மூலவர் முகத்தை நெருக்கத்திலும் மற்றதில் கோயில் கோபுரத்தையும் வையுங்கள்.