இதர, குறிப்பிடவும்

படிவம் தயாரிக்கிற அதிகாரியிடம் மூன்று சாமான்கள் உண்டு. ஒன்று வட்டப் பொத்தான். பழைய கார் ரேடியோவில் ஒரு கட்டையை அமுக்கினால் முன்பு அமுக்கியது எகிறி வெளியே வருமே, அதே ஏற்பாடு: ஒன்றைத்தான் தொடலாம். இரண்டாவது சதுரக் கட்டம், பொருந்துவதையெல்லாம் டிக் அடிக்கலாம். மூன்றாவது, இந்த இரண்டிலும் அடங்காதவர்களைக் கொல்லைப்புறத்தில் உட்கார வைக்கிற 'இதர, குறிப்பிடவும்'.

அந்தக் கொல்லைப்புறத்தில் எத்தனை பேர் என்று பார்க்க 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பே போதும். மதம் என்ன என்ற கேள்விக்கு இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, சமணர் 6 என்று எண்கள் இருந்தன. வேறு மதமென்றால் பெயரை முழுசாக எழுது, ஆனால் எண் கட்டத்தில் எதையும் போடாதே என்பது கணக்கெடுக்க வந்தவருக்கு உத்தரவு. பெயரைச் சொல்ல அனுமதி உண்டு, எண்ணுக்கு இல்லை. என்ன பெருந்தன்மை!

சால் மரத்தோப்பைக் கும்பிடுகிற ஆதிவாசிகள் சளைக்காமல் 'சர்னா' என்று சொன்னார்கள். பெரும்பகுதி ஜார்க்கண்டில். எண்ணிப் பார்த்தால் 49 லட்சத்துக்கும் மேல். 6ஆம் எண் வாங்கிய சமணர்கள் சுமார் 44.5 லட்சம். சமணர்கள்மேல் நமக்கு வழக்கு எதுவுமில்லை, அவர்களுக்கு எண் கிடைத்தது நியாயம்தான். அவர்களைவிடக் கூடுதலாக இருப்பவர்கள் எப்படி ஐயா 'இதர' ஆனார்கள்?

கல்லூரியில் சர்வே எடுக்கிற பையனுக்கும் தெரிந்த பாடம் இது: 'இதர' பெட்டியில் ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தால், பட்டியல்தான் தப்பு, அடுத்த தடவை அந்தப் பதிலைப் பட்டியலில் ஏற்று. அரை கோடிப் பேர் ஒரே வார்த்தையைச் சொல்லியும் உறைக்காத தோல் அரசாங்கத்துக்கு மட்டுமே வாய்க்கும். 2020 நவம்பரில் ஜார்க்கண்ட் சட்டமன்றம் தனி எண் கேட்டு ஒருமனதாகத் தீர்மானமே போட்டது. ஒரு வட்டம் வரைவதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருக்கிறது!

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. வீட்டுக்காரர் 'சர்னா' என்கிறார், எழுதுகிறவருக்கு அவசரம். முழுப் பெயர் எழுதக் கை வலிக்கும், 1 போடுவது ஒரே கோடு. இப்படித்தான் தங்களை இந்துவாக எழுதிவிடுகிறார்கள் என்று ஆதிவாசி அமைப்புகள் வருஷக்கணக்காகப் புகார் சொல்கின்றன. கோணல் படிவத்துக்கு இது வசதியான கோணல். பட்டியலில் இல்லாதவரைப் பட்டியலில் இருப்பவராக மாற்றிவிட்டு, "பாருங்கள், உங்கள் எண்ணிக்கை குறைவுதானே" என்று பிறகு அவரிடமே சொல்லலாம்.

2027 கணக்கெடுப்பு கைப்பேசியில் நடக்குமாம். காகிதத்திலாவது ஓரத்தில் கிறுக்க இடமிருந்தது. திரையிலோ, வட்டப் பொத்தானை ஒருமுறை தொட்டுவிட்டால் இன்னொன்றுக்கு மாறலாமே தவிர, எதுவுமே வேண்டாமென்று அதை அணைக்க வழியில்லை. இந்த ஏற்பாட்டைப் பார்த்து டெல்லிக்கு நாக்கில் எச்சில் ஊறாதிருந்தால்தான் ஆச்சரியம்.