இடித்தவருக்கும் தள்ளுபடி

பத்மநாபபுரத்தில் ஒருவரை லாரி இடித்துக் கால் ஒடிந்தது என்று வையுங்கள். ஆஸ்பத்திரி பில் 2 லட்சம், மெடிக்ளெய்ம் 1.5 லட்சம் கொடுத்துவிட்டது. வழக்கில் லாரி இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து, "அதான் வாங்கியாச்சே, மருத்துவச் செலவுக்கு மீதி 50,000 போதும்" என்பார். வருசாவருசம் பிரீமியம் கட்டினது கால் ஒடிந்தவர், தள்ளுபடி லாரிக்கு! ஓய், இனி பாலிசி உள்ளவராகப் பார்த்து இடியும்.

ஆயுள் காப்பீட்டுப் பணத்தை நஷ்டஈட்டில் கழிக்கக் கூடாது என்று 1998-லேயே ரெபெல்லோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. விபத்து நடக்காவிட்டாலும் என்றாவது வரவேண்டிய பணம் அது. மெடிக்ளெய்ம் ஆஸ்பத்திரியில் படுத்தால்தானே வரும்? அந்தச் சந்தில்தான் வக்கீல்கள் புகுந்தார்கள். 2025-இல் பம்பாய் உயர் நீதிமன்ற முழு அமர்வு, பிரீமியம் கட்டி ஒப்பந்தப்படி பெற்றதையும் கழிக்கக் கூடாது என்றது. பம்பாய்த் தீர்ப்பு நம்மூர் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.