மாமனாரின் மூக்கு

என் மச்சினன் கல்யாணம் 2021-இல், ஊரே வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது. அதில் மாமனார் பட்டு வேட்டியோடு முகத்தைச் சற்றே திருப்பி நிற்கிற படம் ஒன்று அபாரமாக அமைந்துவிட்டது. நீல மாஸ்க் ஒன்றுதான் இடைஞ்சல். "அதை எடுத்துட்டு ஹால்ல பெருசா மாட்டணும். நீங்கதான் கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணிக்கிட்டே இருக்கீங்களே" என்றாள் மனைவி.

மாஸ்க்கை அழிப்பது நிமிஷ வேலை. அழித்தால் அடியில் மாமனார் இருக்க மாட்டார், அதுதான் சிக்கல். மூக்கு, வாய், தாடை மூன்றையும் அவருடைய வேறு படத்திலிருந்துதான் கடன் வாங்க வேண்டும். முதலில் ஒரு செல்ஃபியில் வாங்கினேன். கைநீளத் தூரத்தில் எடுத்த படத்தில் மூக்கு பருத்து, காது ஒடுங்கிவிடும். அந்த மூக்கை வைத்ததும் மாமனார் ஜலதோஷத்தில் இருப்பவராகத் தெரிந்தார்.

அப்புறம் 2019-இல் தள்ளி நின்று எடுத்த படம் கிடைத்தது. முகம் எதிர்ப்பக்கம், வெளிச்சமும் எதிர்ப்பக்கம். இடவலம் மாற்றினேன், இரண்டும் ஒரே அடியில் சரியாயிற்று. நான் காப்பி குடிக்கப் போன நேரத்தில் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு மரு இடது கன்னத்திலதானே?" என்றாள். மரு கன்னம் மாறிப் போயிருந்தது.

மருவைச் சரிசெய்துவிட்டு, அந்தப் படத்தின் லேயரைப் பாதி ஒளிபுகும்படி வைத்து, கருவிழி மேல் கருவிழி பொருந்தும்வரை சுருக்கித் திருப்பினேன். இங்கே அளவுகோல் கண்கள்தான், மாஸ்க்கின் விளிம்பு இல்லை. மாஸ்க் தாடையைவிட உப்பி வெளியே நிற்கும். நான் அந்த விளிம்புவரை சதையை நிரப்பியதில் மாமனார் குஸ்தி பயில்வான் ஆனார். உள்ளே தள்ளித் தாடை வரைந்து, மிச்ச இடத்தில் பின்னால் இருக்கிற தூணை வரைய வேண்டியதாயிற்று.

அதற்கப்புறம்தான் வாய். கல்யாணப் படத்தில் கண்ணோரம் சுருங்கி, கீழிமை மேலேறியிருந்தது. அதாவது மனுஷர் உள்ளே சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் ஒட்டியதோ 2019-இன் மூடிய வாய். கண் கல்யாணத்திலும் வாய் வருமான வரி அலுவலகத்திலும் இருந்தன. சிரிக்கிற வாயைத் தேடி மாற்றினேன். மூக்குக்கடியிலும் மோவாய்க்கடியிலும் நிழல் போட்டேன், இல்லாவிட்டால் முகத்தின் கீழ்ப்பாதி மிதக்கும். மாஸ்க்கிலிருந்து கண்ணுக்கடியில் பட்டிருந்த நீலத்தைப் போக்கி, காதை முன்னால் இழுத்திருந்த நாடாவையும் அழித்து, காதை அதன் இடத்துக்கு அனுப்பினேன்.

படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன், கண்ணாடிபோல் திருப்பியும் பார்த்தேன். ஒட்டு தெரியவில்லை. பெருமையாக மாமியாரிடம் காட்டினேன்.

"நல்லாருக்கு மாப்பிள்ளை. ஆனா அன்னைக்கு இவர் ஷேவே பண்ணலையே. அதனாலதான் கடைசிவரைக்கும் மாஸ்க்கக் கழட்டல."