கொடுக்கும்போது போனஸ், கேட்கும்போது பாக்கி

நம் பெரிய நிறுவனங்களின் எச்.ஆர். துறையில் இரண்டு வகை எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஆஃபர் லெட்டர் எழுதுபவர். ‘எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு’ என்று தேனொழுகத் தொடங்குவார். இன்னொருவர் வேலையை விட்டுப் போகிறவருக்கு மெயில் எழுதுபவர். ‘ஏழு நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் சட்ட நடவடிக்கை’ என்று முடிப்பார். இருவரும் ஒரே தளத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் முதலாமவர் எழுதியதை இரண்டாமவர் ஒருநாளும் படித்ததில்லை. நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்தான் அவருடைய பிழைப்பு ஓடுகிறது.

பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு பெண் 2024 ஜூன் 3 அன்று வேலைக்குச் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஜாய்னிங் போனஸ் மூன்று லட்சம். முதல் மாதச் சம்பளத்தோடு வந்தது. அவர் 30 சதவீத வரம்பில் இருப்பவர். செஸ் சேர்த்து 93,600 ரூபாய் வரியாகப் போக, கையில் விழுந்தது 2,06,400. அடுத்த ஜனவரி 10 அன்று ராஜினாமா கொடுத்தார். நோட்டீஸ் பீரியட் 90 நாள். ‘கொஞ்சம் முன்னதாக விடுங்கள்’ என்று கேட்டுப் பார்த்தார். ப்ராஜெக்ட் பாழாகிவிடுமாம், ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. ஏப்ரல் 10 வரை வேலை வாங்கிக்கொண்டு, ஒரு கேக்கும் வெட்டி அனுப்பினார்கள். அடுத்த வாரம் கணக்கு வந்தது: ‘கம்பெனி பாலிசிப்படி, தாங்கள் செலுத்த வேண்டிய பாக்கி ரூ.3,00,000.’

பாக்கியாம்! நம்மூர் மொய் நோட்டில்கூட எழுதின தொகையைத்தான் திருப்பி எதிர்பார்ப்பார்கள். வழியில் வரியாகப் போன பணத்தையும் சேர்த்துக் கேட்கிற மொய்க்காரரை நான் பார்த்ததில்லை.

இப்போது முதலாம் எழுத்தாளர் எழுதியதைப் பார்ப்போம். ஆஃபர் லெட்டரின் நான்காம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அதன் சாரம்: ‘சேர்ந்த நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் நீங்களாக முன்வந்து பணியிலிருந்து விலகினால், உங்களுக்கு வழங்கப்பட்ட ஜாய்னிங் போனஸை, எஞ்சிய மாதங்களின் விகிதத்தில் திருப்பிச் செலுத்த வேண்டும்.’ முழுத் தொகையையும் கட்டு என்ற பேச்சே இதில் இல்லை. மூன்று லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 25,000. ஏப்ரல் 2-ஆம் தேதியோடு அவர் பத்து மாதம் முடித்துவிட்டார். எஞ்சியது இரண்டு. ஆக 50,000 ரூபாய். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு. இதைப் போடத் தெரியாமல் அவர்கள் மூன்று லட்சம் கேட்கவில்லை. போடாமல் கேட்டால் பயந்து கட்டுகிறவர்கள் போதுமான அளவு இருக்கிறார்கள் என்பதால் கேட்கிறார்கள்.

வாக்கியத்தை எடுத்துக் காட்டியதும் நிறுவனம் வெட்கப்படவில்லை, கணக்கை மாற்றியது. ‘விகிதம் சரி, ஆனால் ராஜினாமா கொடுத்த நாள்தான் கணக்கு’ என்றது. அப்படியென்றால் முடிந்தது ஏழு மாதம், எஞ்சியது ஐந்து, தொகை 1,25,000. ஜனவரி 10-க்குப் பிறகு அந்தப் பெண் அங்கே என்ன, சுற்றுலாவா போயிருந்தார்? மூன்று மாதமும் சம்பளம் கொடுத்தீர்கள், வருகைப்பதிவு எடுத்தீர்கள், சனிக்கிழமையும் கூப்பிட்டீர்கள். கடிதத்தில் இருப்பது ‘பணியிலிருந்து விலகினால்’ என்ற சொல். ஒப்பந்தத்தின் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால், அதை எழுதியவருக்குப் பாதகமான பொருளையே எடுக்க வேண்டும் என்பது நீதிமன்றங்களில் பழகிய விதி. எழுதியவர் நீங்கள். ஆனால் சில நிறுவனங்கள் ‘ராஜினாமா அளிக்கும் தேதி’ என்றே அச்சடித்து வைத்திருக்கின்றன. அப்படி இருந்தால் இந்த வாதம் நிற்காது.

அடுத்தது வரி. இதில்தான் கயமை உச்சத்துக்குப் போகிறது. போனஸ் கொடுத்ததும் திருப்பி வாங்குவதும் ஒரே நிதியாண்டுக்குள் நடந்தால், நிறுவனம் அந்த ஆண்டின் சம்பளக் கணக்கைக் குறைத்து, பிடித்த வரியைச் சரிக்கட்டிவிடலாம். மார்ச் 31 தாண்டினால் அந்தக் கதவு மூடிவிடும். அந்தப் பெண் மார்ச்சுக்கு முன்பே போகத்தான் கெஞ்சினார். இழுத்துப் பிடித்து ஏப்ரலுக்குத் தள்ளியது இவர்கள். இப்போது அரசுக்குப் போன வரியையும் அவர் தலையில் கட்டுகிறார்கள். ‘உங்களுக்கு வழங்கப்பட்ட’ என்றால் கைக்கு வந்தது என்று அவர் வாதிடலாம்; அந்த 50,000-க்கு உரிய வரி 15,600-ஐக் கழித்து 34,400 தருகிறேன் எனலாம். ‘வரி கட்டியதும் உங்கள் பெயரில்தான்’ என்பார்கள். அந்தப் பதிலிலும் பொருள் இருக்கிறது. கடிதத்தில் ‘வரிக்கு முந்தைய முழுத் தொகை’ என்றே இருந்தால் இதில் வெல்வது கடினம். பேரம் பேச இடமுள்ள புள்ளி இது, அவ்வளவுதான்.

இதற்கு மேலும் கேள்வி கேட்டால் பாலிசி வரும். ‘அவ்வப்போது திருத்தப்படும் கொள்கைகளுக்கு உட்பட்டது’ என்ற வரியைக் காட்டி, போன மாதம் திருத்திய பி.டி.எஃப். ஒன்றை நீட்டுவார்கள். நான் சேர்ந்த நாளில் நடப்பிலிருந்த பாலிசி எது, அதை நான் ஏற்றதற்குச் சான்று எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. வந்தாலும் வேறு ஒருவரிடமிருந்து, வேறு ஒரு தொகையோடு வரும்.

பிறகு சட்டம் வரும். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்றாண்டுக்கு முன் விலகினால் இரண்டு லட்சம் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. எச்.ஆர். அதை ஃபார்வர்டு செய்யும். மூன்றாண்டு, இரண்டு லட்சம் என்று அங்கே கடிதத்திலேயே இருந்தது. நீதிமன்றம் எழுதியிருந்ததைத்தான் செல்லும் என்றது. இவர்கள் கேட்பது எழுதாததை. தவிர, ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மிகாத நியாயமான இழப்பீட்டையே அனுமதிக்கிறது. குறித்ததற்கு ஆறு மடங்கு கேட்பதற்கு அதில் இடமில்லை.

இவர்களுடைய உண்மையான ஆயுதம் சட்டமே அல்ல, ரிலீவிங் லெட்டர். அடுத்த நிறுவனம் அதைக் கேட்கும் என்று தெரிந்து, முழுசாகக் கட்டினால்தான் தருவோம் என்று பிடித்து வைக்கிறார்கள். பத்து மாதம் உழைத்ததற்கான சான்றைப் பணயமாக வைக்கும் கூட்டம், வாசலில் ‘நேர்மை எங்கள் உயிர்மூச்சு’ என்று பலகை மாட்டியிருக்கிறது. இதே நிறுவனம் பதினோராம் மாதத்தில் ஆயிரம் பேரை ஒரே மெயிலில் அனுப்பினால் யாருக்கும் எதையும் திருப்பித் தராது. ‘எந்தக் காரணத்தால் பணி முடிந்தாலும்’ என்று எழுதி வைத்திருந்தால், துரத்தப்பட்டவரிடமே போனஸையும் கேட்கும்.

அந்தப் பெண் செய்ய வேண்டியது இதுதான். மறுக்க முடியாத 50,000-ஐ வங்கி மூலம் அனுப்பிவிட வேண்டும். வரிப் பங்கைப் பற்றிய தன் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்ற ஒரு வரியோடு. கூடவே அந்த ஒற்றை வாக்கியத்தை அப்படியே எடுத்தெழுதி, இரண்டு மாதக் கணக்கைப் போட்டு, மீதி 2,50,000 எந்த வரியின் அடிப்படையில் என்று பக்க எண்ணோடு காட்டும்படி கேட்டு, ரிலீவிங் லெட்டருக்கு ஒரு தேதியும் குறிக்க வேண்டும். எல்லாம் மெயிலில், தொலைபேசியில் ஒரு சொல்கூட வேண்டாம். அலுவலக மெயில் கடைசி நாளோடு அணைந்துவிடும். ஆகவே ஆஃபர் லெட்டரும் சம்பளச் சீட்டுகளும் முன்பே சொந்த மெயிலில் இருந்தாக வேண்டும்.

நாளைக்கு ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடப் போகிறவர்களே, அந்தப் பத்தியில் மூன்று திருத்தம் கேளுங்கள்: கைக்கு வந்த தொகை மட்டும், கடைசி வேலைநாள் வரை மாதக் கணக்கு, நிறுவனம் அனுப்பினால் திருப்பித் தர வேண்டியதில்லை. கையெழுத்துக்கு முன்னால்தான் உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு.